ஆபர் லெட்டர் குடுத்தாச்சு, இப்ப பணம் இல்லைங்கிறாக: அந்தப் பொண்ணுக்கு என்னனு எழுதுறது?

கேள்வி: அக்கா, கானாடுகாத்தான்ல ஒரு பழைய செட்டிநாட்டு வீட்ட ஹோட்டலா நடத்துறோம், அட்மின், எச்.ஆர் எல்லாமே நான்தான். ரெண்டாவது வீடு ஒண்ணு ரெடியாகுது, அதுக்கு ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜரா மதுரையில ஒரு ஹோட்டல்ல வேலை பாக்கிற பொண்ண எடுத்தோம். மே 10 ஆபர் லெட்டர் போச்சு, மாசம் 32,000, நோட்டீஸ் ரெண்டு பக்கமும் ஒரு மாசம், ஜூன் 16 சேரணும். அவங்களும் அன்னைக்கே கையெழுத்துப் போட்டு மெயில் அனுப்பிட்டாங்க. இப்ப வீட்டு வேலை செலவு கை மீறிப் போச்சு, திறக்கிறதும் தள்ளிப் போகுதுனு புதுசா ஆள் எடுக்கிற பணத்த மொத்தமா நிறுத்திட்டாக. "ஆன் ஹோல்ட்னு ஒரு வாட்ஸ்அப் போட்டு விடு"ங்கிறாக முதலாளி. எனக்கு மனசு ஒப்பல. இன்னைக்கு ஜூன் 3. லெட்டர எப்படி எழுதுறது?

பதில்:

தம்பி, லெட்டர் அப்புறம், முதல்ல காலண்டரப் பாருங்க. மே 10 உங்களுக்கு ஓகே சொன்ன பொண்ணு அடுத்த ரெண்டு மூணு நாள்ல அங்க ராஜினாமா குடுத்திருக்கும், மே 13னு வைங்க, முப்பது நாள் நோட்டீஸ்னா கடைசி நாள் ஜூன் 12. இன்னைக்கு 3. அப்ப அந்தப் பொண்ணு அந்த ஹோட்டல்ல இன்னும் ஆளா இருக்கிறது ஒன்பது நாள்தான், அதுக்குள்ள போய் "சார் என் ராஜினாமாவ திருப்பி எடுத்துக்கிறேன்"னு கேட்டா கிடைக்க வழி இருக்கு, அவங்க இடத்துக்கு வேற ஆள் எடுத்துட்டாங்கன்னா அதுவும் போச்சு. நீங்க நல்ல வார்த்தை தேடி நாலு நாள் லெட்டர அடிச்சு அடிச்சு எழுதுனா அந்த நாலு நாளும் அவங்க கணக்குல இருந்து போகுது. அதனால போன் நாளைக்குக் காலையில, லெட்டர் நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள. காலையிலனு சொல்றதுக்குக் காரணம் இருக்கு, பத்து மணிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே அவங்க மேனேஜரப் பாத்துப் பேச முடியும், ராத்திரி எட்டு மணிக்குச் சொன்னா ராத்திரி பூரா தூங்காம கிடக்கிறது மட்டும்தான் நடக்கும்.

ஆனா போன் எடுக்கிறதுக்கு முன்னாடி, இன்னைக்கே முதலாளிகிட்ட ரெண்டு விஷயம் வாங்கிடுங்க, வாயால இல்ல, ஒரு மெயிலா இல்லைன்னா ஒரு காகிதத்துல கையெழுத்தா. ஒண்ணு, இது முடிஞ்ச முடிவுதானா, ஆகஸ்ட்ல சேர்த்துக்கலாம், இல்ல இப்ப ஓடுற வீட்லயே வேற வேலை குடுக்கலாம்னு எதுவும் இருக்கானு ஒரே ஒரு தடவை தெளிவாக் கேளுங்க. இருந்தா அந்தப் பேச்சே வேற. இல்லைன்னா இல்ல, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட "இருக்கலாம்"ங்கிற வார்த்தையே வரக்கூடாது. ரெண்டாவது, எவ்வளவு பணம் குடுக்கிறது. இது முடிவாகாம போன் பண்ணா அவங்க "அப்ப எனக்கு என்ன சார் வழி"னு கேக்கிறப்ப நீங்க "பாத்துச் சொல்றேன்"னு தான் சொல்லணும், வேலையும் போயி, பதிலும் இல்லாம ஒரு ஆளத் தொங்க விடுறது மாதிரி ஆயிடும் அது.

எவ்வளவுனா, உங்க ஆபர் லெட்டர்லயே அளவுகோல் இருக்கு. நோட்டீஸ் ரெண்டு பக்கமும் ஒரு மாசம்னு எழுதியிருக்கீங்க. அது வேலையில சேந்த பிறகுதான் பொருந்தும்னு யாராவது வாதாடலாம், வாதாடட்டும், ஆனா ஜூன் 16 சேந்து 17ஆம் தேதி அனுப்பியிருந்தா ஒரு மாசச் சம்பளம் குடுத்திருப்பீங்கள்ல, ஒரு நாள் முந்தி அனுப்புறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னா அதுல என்ன நியாயம் இருக்கு. அதனால 32,000. அதுக்கு மேல, உங்க வேலைய நம்பி அவங்க செஞ்ச செலவு ஏதாவது, காரைக்குடில ரூம் பாத்து அட்வான்ஸ் குடுத்திருக்காங்களா, பொருள் ஏத்த வண்டி பேசியிருக்காங்களா, அது திரும்ப வராதுன்னா அதையும் குடுங்க. ஒரு 10,000 அட்வான்ஸ்னு வைங்க, மொத்தம் 42,000. முதலாளிக்கு இது பெருசாத் தெரியும், ஆனா வருஷத்துக்கு 3,84,000 குடுக்கிறதா இருந்த இடத்துல 42,000ல முடியுது. இந்தப் பணத்துல வரி பிடிக்கணுமா, கணக்குல எந்தத் தலைப்புல வைக்கிறதுங்கிறத உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு நம்பரச் சொல்லுங்க, 32,000னு சொல்லிட்டு கைக்குக் குறைச்சு வந்தா அது இன்னொரு ஏமாத்தம்.

முதலாளி "சேரவே இல்லையே, நமக்கு என்ன கட்டுப்பாடு"னு கேட்டா சட்டத்த சுருக்கமாச் சொல்லுங்க. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், அதுல ஒரு ஆபர எதிராளி ஏத்துக்கிட்டேன்னு சொல்லி அனுப்புறதுக்கு முன்னாடி வரைக்கும்தான் சும்மா திருப்பி எடுக்கலாம். இங்க மே 10ஆம் தேதியே கையெழுத்துப் போட்டு மெயில் போயாச்சு, அப்ப அது வெறும் ஆபர் இல்ல, ஒப்பந்தம். இந்த ஆள வேலைக்கு வச்சே ஆகணும்னு கோர்ட் பொதுவாச் சொல்லாது, ஆனா அதே சட்டத்துல 73ஆம் பிரிவு இருக்கு, ஒப்பந்தத்த முறிச்சதால நேரா வந்த நஷ்டத்தக் கேக்கலாம்னு. உங்க ஆபர் லெட்டர்ல "நிர்வாக ஒப்புதலுக்கு உட்பட்டது" மாதிரி நிபந்தனை ஏதாவது இருக்கானு முதல்ல படிங்க, இருந்தா நிலைமை மாறும், அத ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சு நம்ம பக்கத்து முதலாளிகளுக்குச் சட்டத்த விட வேகமாப் புரியிறது வேற ஒண்ணு. கடல் தாண்டி யாவாரத்துக்குக் கொண்டுவிக்கப் போன காலத்துல பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடைக்கு ஆள் அனுப்புறப்ப சம்பளச் சீட்டு எழுதித்தானே அனுப்புனாங்க, மூணு வருஷக் கணக்கு, இவ்வளவு சம்பளம்னு. அந்தச் சீட்ட நம்பித்தான் ஒருத்தன் வீடு வாசல விட்டுட்டு கப்பல் ஏறுனான். உங்க ஆபர் லெட்டரும் அந்தச் சீட்டுதான், அந்தப் பொண்ணு அத நம்பித்தான் இருக்கிற வேலைய விட்டிருக்கு. இப்படிச் சொல்லிப் பாருங்க.

இப்ப அந்த "ஆன் ஹோல்ட்" விஷயம். தம்பி, இத நான் ஒரு தடவை செஞ்சிருக்கேன், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வெளியூர்ல ஒரு கம்பெனியில இருந்தப்ப இதே மாதிரி பட்ஜெட் போயிடுச்சு, ஒரு அக்கவுண்ட்ஸ் பையனுக்கு "தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, விரைவில் தெரிவிப்போம்"னு நான்தான் எழுதுனேன். அந்த வேலை திரும்ப வராதுனு எனக்கு அன்னைக்கே தெரியும், மேலிடத்துல "மென்மையா எழுது"ன்னாங்க, நானும் அதத்தான் மென்மைனு நினைச்சேன். அந்தப் பையன் நாலு மாசம் காத்திருந்தான், நடுவுல வந்த ஒரு வேலைய வேண்டாம்னு சொல்லியிருக்கான், எங்க வேலை பெரிய வேலைனு. நாலு மாசம் கழிச்சு ஆபீசுக்கு நேர்ல வந்து "மேடம் எப்பனு ஒரு தேதி சொல்லுங்க"னு நின்னான். அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கல. அந்த வார்த்தை அவனுக்காக எழுதுனது இல்ல, "இல்லை"னு சொல்ல வேண்டிய கஷ்டத்துல இருந்து எங்களக் காப்பாத்திக்கிறதுக்காக எழுதுனது. அதனால உங்க லெட்டர்ல நிறுத்தி வைப்பு, தள்ளி வைப்பு, பிறகு தெரிவிப்போம், இது மூணும் வேண்டாம். "திரும்பப் பெறுகிறோம்"னு எழுதுங்க. படிக்கிறப்ப சுருக்குனு இருக்கும், ஆனா அந்த ஒரு வார்த்தையிலதான் அவங்களுக்கு அடுத்து என்ன செய்யணும்னு தெரியும்.

போன்ல பேசுறது யாரு? இன்டர்வியூ பண்ணி "நீங்கதான் வேணும்"னு சொன்னது யாரோ அவுகளே பேசணும், முதலாளினா முதலாளி, நீங்கன்னா நீங்க. எடுத்ததும் "எப்படி இருக்கீங்க, மதுரையில வெயிலா"னு ஆரம்பிக்காதீங்க, அவங்க சந்தோஷமா "ரெடியாயிட்டு இருக்கேன் சார்"னு ஆரம்பிச்சிடுவாங்க, அதுக்கு மேல சொல்றது ரெண்டு பேருக்கும் கொடுமை. பேர் சொல்லி, "ஒரு கெட்ட செய்தி சொல்லணும், இப்ப ஒரு அஞ்சு நிமிஷம் தனியாப் பேச முடியுமா"னு கேட்டுட்டு அடுத்த வாக்கியத்துலயே சொல்லிடுங்க: "உங்களுக்குக் குடுத்த வேலைய எங்களால குடுக்க முடியல, புது வீட்டுக்கு வச்சிருந்த பணத்த நிறுத்திட்டாங்க, உங்க மேல எந்தக் குறையும் இல்ல." சொல்லிட்டு நிறுத்துங்க. அழுதாலும், கோவப்பட்டாலும், ஒண்ணும் பேசாம இருந்தாலும் நீங்க இட்டு நிரப்பாதீங்க. "எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு"னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் அவங்க உங்களுக்கு ஆறுதல் சொல்ற மாதிரி ஆயிடும். கொஞ்சம் ஆறுனதும் மூணு விஷயம் கேட்டுக் குறிச்சுக்கோங்க, ராஜினாமா குடுத்தாச்சா, கடைசி நாள் என்ன, எங்கள நம்பி ஏதாவது செலவு பண்ணியிருக்கீங்களா. இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சாத்தான் லெட்டர் லெட்டரா வரும், இல்லைன்னா யாருக்கு வேணா அனுப்பலாம்ங்கிற மாதிரி ஒரு காகிதம்தான் வரும். ஒருவேளை அவங்க இன்னும் ராஜினாமாவே குடுக்கலைன்னா, போன்லயே "குடுக்காதீங்க"னு சொல்லிடுங்க.

லெட்டர் விஷயத்துல பலபேர் யோசிக்காத ஒண்ணு இருக்கு. இத அந்தப் பொண்ணு மட்டும் படிக்கப் போறதில்ல. நாளைக்கே அவங்க தன்னோட மேனேஜர்கிட்ட போய் ராஜினாமாவ ரத்து பண்ணச் சொல்றப்ப கையில ஒரு காகிதம் வேணும், "அங்க பணம் இல்லைனு நிறுத்திட்டாங்க சார், இந்தாங்க"னு காட்ட. அங்க கிடைக்கலைன்னா அடுத்த இன்டர்வியூல "ஏன் வேலைய விட்டீங்க, ஆபர் வாங்கின இடத்துல ஏன் சேரல"னு கேப்பாங்க, அப்பவும் காட்டணும். வீட்ல அப்பா அம்மா கேப்பாங்க, உன்கிட்ட ஏதாவது தப்பு கண்டுபிடிச்சாங்களானு. இத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டியது உங்க லெட்டர். "எதிர்பாராத காரணங்களால்"னு எழுதுனா மேனேஜர் என்ன நினைப்பாரு? சர்டிபிகேட்ல ஏதோ இருந்திருக்கு, ரெஃபரன்ஸ் கேட்டதுல ஏதோ வந்திருக்குனு தான். அந்தச் சந்தேகத்துக்கு இடம் குடுக்காம காரணத்த ஒரு வரியில, உண்மையா எழுதுங்க: புது வீடு திறக்கிறது தள்ளிப் போச்சு, அதுக்கான புது வேலைகளுக்குப் பணம் நிறுத்தப்பட்டுச்சு. அதுக்கு மேல பேங்க் லோன் எவ்வளவு, கொத்தனார் கூலி எவ்வளவு ஏறுச்சு, ஆத்தங்குடிக் கல்லு பதிக்க என்ன ஆச்சுனு போகாதீங்க. அது உங்க வீட்டுக் கணக்கு, அந்தக் காகிதம் பல கைக்குப் போகும்.

அதனாலேயே ரெண்டு காகிதமாக் குடுங்கனு சொல்றேன். ஒண்ணு அவங்களுக்கு மட்டும், பணம், தேதி எல்லாம் உள்ளது. இன்னொண்ணு நாலு வரி, யார்கிட்ட வேணா காட்டலாம், அதுல பணப் பேச்சு இருக்காது. எல்லாத்தையும் ஒரே லெட்டர்ல போட்டா, பழைய மேனேஜர்கிட்ட காட்டுறப்ப "ஓ, ஒரு மாசச் சம்பளம் வாங்கிட்டுத்தான் திரும்ப வர்றியா"ங்கிற பேச்சுக்கு இடம் வரும்.

இன்னொண்ணு, ஆபீஸ் லெட்டர் இங்கிலீஷ்ல தான் போகும், சரி. ஆனா முதல்ல தமிழ்ல எழுதிப் பாருங்க. இங்கிலீஷ்ல ஒளிஞ்சுக்கிறதுக்குத் தோதா நிறைய வார்த்தை இருக்கு, தமிழ்ல எழுதுனா பொய் எங்க இருக்குனு உங்களுக்கே தெரிஞ்சுடும். நான் எழுதுனா இப்படி எழுதுவேன், போன்ல அவங்க "மே 13 ராஜினாமா, கடைசி நாள் 12, ரூம் அட்வான்ஸ் 10,000 திரும்ப வராது"னு சொன்னதா வச்சுக்கிட்டு:

அன்புள்ள ______ அவர்களுக்கு,

மே 10 அன்று உங்களுக்கு வழங்கிய ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜர் வேலைக்கான ஆபரைத் திரும்பப் பெறுகிறோம். இன்று காலை போனில் சொன்னதை இந்தக் கடிதத்தின் மூலம் உறுதி செய்கிறோம்.

எங்கள் இரண்டாவது வீட்டின் திறப்பு தள்ளிப்போனதால் அதற்கான புதிய வேலைகளுக்கு ஒதுக்கிய பணத்தை நிர்வாகம் நிறுத்திவிட்டது. நீங்கள் சேரவிருந்த இடமும் அதில் ஒன்று. உங்கள் தகுதியிலோ, நீங்கள் தந்த விவரங்களிலோ எந்தக் குறையும் இல்லை. இந்த முடிவு முழுக்க எங்களுடையது.

எங்களை நம்பி மே 13 அன்று நீங்கள் ராஜினாமா கொடுத்திருக்கிறீர்கள், காரைக்குடியில் அறைக்கு முன்பணமும் கொடுத்திருக்கிறீர்கள். அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம். ஒரு மாதச் சம்பளம் 32,000 ரூபாயும், அறை முன்பணம் 10,000 ரூபாயும், மொத்தம் 42,000 ரூபாய், ஜூன் 10க்குள் உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துவோம். இதற்காக நீங்கள் எதிலும் கையெழுத்திட வேண்டியதில்லை.

உங்கள் தற்போதைய நிறுவனத்திடமும் இனி விண்ணப்பிக்கும் இடங்களிலும் காட்டுவதற்காகத் தனிக் கடிதம் ஒன்றை இணைத்திருக்கிறோம். அவர்கள் எங்களிடம் பேச விரும்பினால் கீழே உள்ள எண்ணில் நானே பேசுவேன். உங்கள் சான்றிதழ் நகல்களையும் ஆதார், வங்கி விவர நகல்களையும் பணம் செலுத்திய பின் அழித்துவிடுவோம்.

(முதலாளி பெயர், கையெழுத்து, நேரடி போன் எண்)

அந்தத் தனிக் கடிதம் இன்னும் சின்னது:

______ அவர்களை எங்கள் ஹோட்டலின் ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜராகத் தேர்வு செய்து மே 10 அன்று ஆபர் கொடுத்தோம். புதிய வேலைகளுக்கான நிதி நிறுத்தப்பட்டதால் மட்டுமே அந்த ஆபரை ஜூன் 4 அன்று நாங்கள் திரும்பப் பெற்றோம். அவருடைய தகுதி, நடத்தை, ஆவணங்கள் எதிலும் எங்களுக்குக் குறை இல்லை. மேலும் விவரம் தேவைப்பட்டால் என்னைத் தொடர்பு கொள்ளலாம்.

இதுல சில இடங்கள நீங்களோ முதலாளியோ மாத்தணும்னு நினைப்பீங்க, அதனால ஏன் அப்படி எழுதுனேன்னு சொல்லிடுறேன். முதல் வாக்கியத்துலயே "திரும்பப் பெறுகிறோம்"னு வர்றது கடுமையாத் தெரியும், முன்னாடி ரெண்டு வரி அவங்களப் பாராட்டி எழுதலாமேனு தோணும். வேண்டாம். பாராட்டுல ஆரம்பிக்கிற லெட்டர் எங்க போய் முடியும்னு படிக்கிறவங்களுக்குத் தெரியும், அந்த ரெண்டு வரிய அவங்க படிக்கவே மாட்டாங்க, அடுத்து என்னனு ஓடும் கண்ணு. மன்னிப்பு ஒரே இடத்துல தான் இருக்கு, அதுவும் எதுக்கு மன்னிப்புங்கிறது பக்கத்துலயே இருக்கு. "மிகவும் வருந்துகிறோம், ஆழ்ந்த வருத்தத்துடன்"னு மூணு இடத்துல தெளிச்சா மொத்தமும் மரியாதைக்குச் சொன்னதா ஆயிடும்.

"எதிலும் கையெழுத்திட வேண்டியதில்லை"ங்கிற வரியத்தான் வக்கீல் அடிக்கச் சொல்லுவாரு. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"னு எழுதி வாங்கிட்டுப் பணம் குடுங்கம்பாரு, அது அவர் வேலை, தப்புனு நான் சொல்லல. கண்டிப்பா வேணும்னா அத தனிக் காகிதமா, அவங்க படிச்சு யோசிக்க ஒரு வாரம் டைம் குடுத்து கேளுங்க, அப்ப லெட்டர்ல இருந்து அந்த வரிய எடுத்துடுங்க. ஆனா வேலை போன அன்னைக்கே "கையெழுத்துப் போட்டாத்தான் காசு"னு நிக்கிறது, அதுவும் 42,000க்கு, எனக்குச் சரியாப் படல. அதே மாதிரி "பரஸ்பர சம்மதத்துடன்"ங்கிற வார்த்தைய யாராவது நைசா உள்ள கொண்டு வருவாங்க. விடாதீங்க. அவங்க சம்மதிக்கல, நீங்க எடுத்துக்கிட்டீங்க. அந்த ஒரு வார்த்தையால அடுத்த இன்டர்வியூல "நீங்களா ஒத்துக்கிட்டீங்களாமே"னு கேள்வி வரும்.

"வருங்காலத்தில் வாய்ப்பு வந்தால் உங்களை அழைப்போம்"னும் எழுதல, பாத்தீங்களா. நவம்பர்ல வெளிநாட்டுக்காரங்க வர ஆரம்பிச்சு, சீசன் நல்லா இருந்து அந்த வீடு திறக்குதுன்னா, விளம்பரம் போடுறதுக்கு முன்னாடி முதல் போன் இந்தப் பொண்ணுக்குத்தான் போகணும், அத உங்க டைரில எழுதி வைங்க. லெட்டர்ல எழுதாதீங்க. எழுதுனா அது மறுபடியும் "ஆன் ஹோல்ட்" தான், வேற சட்டை போட்டு வருது, அவ்வளவுதான்.

கையெழுத்து முதலாளியோடதா இருக்கணும். ஆபர் லெட்டர்ல அவுக கையெழுத்துப் போட்டுட்டு இதுல "எச்.ஆர் பிரிவு"னு மொட்டையாப் போனா அந்த வித்தியாசம் அவங்களுக்குத் தெரியும். லெட்டர்ஹெட்ல அடிச்சு, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி, ஆபர் போன அதே மெயில் தொடர்லயே பதிலா அனுப்புங்க, அப்ப தேதி எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். அசல் ரெண்டையும் கூரியர்ல அனுப்பிடுங்க, அவங்க மேனேஜர் அசலக் கேட்டாலும் கேப்பாரு. ஒருவேளை ஒரிஜினல் சர்டிபிகேட் வாங்கி வச்சிருந்தீங்கன்னா, நம்ம பக்கம் அந்தப் பழக்கம் இன்னும் இருக்கு, அத கூரியர்ல விடாதீங்க, ஆள் அனுப்பி மதுரையில கையில குடுத்து வாங்கினதா எழுதி வாங்குங்க. மதுரை என்ன தூரம், காலையில பஸ் ஏறுனா மத்தியானம் திரும்பிடலாம், முடிஞ்சா நீங்களே போங்க.

அவங்க மேனேஜர்கிட்ட நீங்களாப் பேசலாமானு தோணும், உதவி பண்ற ஆசையில. அவங்க கேக்காம பேசாதீங்க. எங்க சேரப் போறோம்னு அங்க சொல்லியிருக்காங்களோ இல்லையோ, நீங்க போன் போட்டு இன்னொரு சங்கடத்த உண்டாக்கிடக் கூடாது. "நான் பேசணும்னா சொல்லுங்க"னு மட்டும் சொல்லி வைங்க, அவங்க சரின்னா அன்னைக்கே பேசுங்க, அப்பவும் அந்தத் தனிக் கடிதத்துல இருக்கிறதத் தாண்டி ஒரு வார்த்தை கூடுதலா வேண்டாம். ராஜினாமாவ திருப்பி எடுக்கிறது தனியார் இடத்துல பெரும்பாலும் அந்த மேனேஜரோட மனசப் பொறுத்தது, கடைசி நாள் வர்றதுக்கு முன்னாடி கேட்டாத்தான் அவருக்கும் சுலபம், அதனாலதான் 12ஆம் தேதிய திரும்பத் திரும்பச் சொல்றேன்.

பணத்த 10ஆம் தேதிக்குள்ளனு எழுதுனா 9ஆம் தேதி போட்டுடுங்க, போட்டுட்டு ஒரு சின்ன மெசேஜ், "பணம் அனுப்பியாச்சு, வந்திருக்கானு பாத்துக்கோங்க"னு. அவங்க பதில் போடலைன்னா அதுக்காக மனசு சங்கடப்பட வேண்டாம், பதில் போடணும்னு அவங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்ல.

இன்னொரு வேலை இருக்கு, இத மறந்து நிறைய இடத்துல அசிங்கமாயிருக்கு. அந்த வேலைக்கு நீங்க குடுத்த விளம்பரம் எங்கெங்க இருக்குனு பாருங்க, வேலை தேடுற வெப்சைட், உங்க ஹோட்டல் பேஸ்புக் பக்கம், காலேஜ் ஹோட்டல் மேனேஜ்மென்ட் குரூப், ஏதாவது வாட்ஸ்அப் குரூப்னு. "பணம் இல்லைனு நிறுத்திட்டோம்"ங்கிற லெட்டர் கையில இருக்கிறப்ப அதே வேலைக்கு ஆள் தேவைனு அந்தப் பொண்ணு கண்ணுல பட்டுச்சுன்னா, நீங்க எழுதுன உண்மை அத்தனையும் பொய்யாப் போயிடும். நாளைக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி, இன்னைக்கு ராத்திரியே உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துடுங்க தம்பி.